நடு இரவில் டயர் போனால்: எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள்

டயர் பழுது பார்க்கும் கடையில் காலையில் முதலில் வந்து இறங்குவது அநேகமாக முந்தைய இரவின் டயர்தான். கொண்டு வருபவர்கள் சொல்லும் கதை ஆளுக்கு ஆள் மாறும், மாட்டிக்கொண்ட இடம் மட்டும் மாறாது. நட்டு அசையவில்லை, ஜாக்கி மண்ணில் இறங்கிவிட்டது, நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வரவில்லை. இந்த மூன்றும் ஒரே இரவில் ஒரே ஆளுக்கு நேர்ந்த கதை ஒன்று உண்டு. அவள் ஓட்டுநர் உரிமம் வாங்கி வெகுநாள் ஆகாத பெண். சக்கரம் மாற்றக் கற்றுக்கொடுத்தவர் அந்த வழியே வந்த, முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரர். அவள் சொன்ன வரிசையிலேயே அறிகுறி வாரியாகப் பிரித்து வைக்கிறேன். உங்கள் வண்டி எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

## ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது வண்டியின் பின்பக்கம் அலைகிறது

அவளுக்கு முதலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஸ்டீயரிங் ஓரத்துப் பக்கமாக இழுத்தது. காற்று பலமாக அடிக்கிறது போலிருக்கிறது என்று எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். தடதடவென்று சத்தம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

எளிய காரணத்திலிருந்து பார்த்தால், பக்கக் காற்றும் சாலையின் சரிவும் முதலில் வரும். இரண்டும் சாலை கொஞ்சம் திரும்பினாலோ தடம் மாறினாலோ மாறிவிடும். மாறாமல் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் முன் டயர் ஒன்றில் காற்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் ஒழுங்காக இருந்து வண்டியின் பின்பகுதி மட்டும் நழுவுவது போலிருந்தால் பின் டயர். இறங்கிப் பார்த்தால் நான்கு டயரும் சரியாக இருக்கிறது, ஆனாலும் இழுக்கிறது என்றால் வீல் அலைன்மென்டோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ காரணம். அது பட்டறை வேலை.

பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். வளைவில் நிறுத்தக் கூடாது. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கும் இடம் வரும்வரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். அதற்குள் டயர் கெட்டுப்போகும்தான், போகட்டும். அவளும் அப்படித்தான் ஓரம் அகலமாக இருந்த ஓரிடம் வரை உருட்டிப் போனாள்.

நின்றதும் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாக எரியவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, இன்ஜினை நிறுத்துங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும். ஏறக்குறைய 70 தப்படி. சாலை விளிம்பில் நடந்து போகவே இடமில்லாத சாலையில் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

மீட்பு வண்டியைக் கூப்பிட வேண்டிய கட்டமும் இங்கேயே வரலாம். போன டயர் மற்ற வண்டிகள் ஓடும் பக்கம் இருக்கிறது, குனிந்து உட்கார்ந்தால் முதுகு சாலைக்குள் நிற்கும் என்றால் மாற்றவே வேண்டாம். எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நின்று போன் செய்யுங்கள். அவளுக்குப் போனது ஓரத்துப் பக்கத்து முன் டயர், அதனால் தப்பித்தாள்.

லாரிக்காரர் வந்தது இந்த நேரத்தில்தான். வண்டியைச் சற்றுத் தள்ளிப் பின்னால் நிறுத்தி, அதன் இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு வந்திருக்கிறார். கார் கதவுக்குப் பத்தடி தள்ளியே நின்றார்.

“கதவைத் திறக்க வேண்டாம்மா. வீட்டுக்கு ஒரு போன் போட்டு, எங்க நிக்கிறேன்னு சொல்லு, என் லாரி நம்பரையும் சொல்லு. அப்புறம் இறங்கு.”

அவள் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு இறங்கினாள். அவர் டார்ச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் மாத்தினா கால் மணி நேரம், நீ மாத்தினா முக்கால் மணி நேரம். எனக்கு அவசரம் இல்லை. நீயே மாத்து.”

## கருவிகள் இருக்கும் இடம் தெரியவில்லை

டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சில வண்டிகளில் ஜாக்கி டிக்கியின் பக்கச் சுவருக்குள் மூடியிட்டு இருக்கும். உயரமான சில வண்டிகளில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் கம்பிவடத்தில் தொங்கும், டிக்கிக்குள் இருக்கும் துளையில் கம்பியை விட்டுச் சுழற்றினால் இறங்கும். ஸ்டெப்னியே தராமல் சிறிய காற்று பம்பும் அடைப்புத் திரவமும் மட்டும் கொடுத்திருந்தால், டயர் தரையில் படும் பாகத்தில் ஆணி அளவுக்கு ஓட்டை இருக்கும்போது மட்டும் அது கைகொடுக்கும். பக்கச் சுவர் கிழிந்திருந்தால் போன் செய்வதுதான் வழி.

## நட்டு அசையவில்லை

அவள் எடுத்த எடுப்பிலேயே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டாள். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டோடு சேர்ந்து சக்கரமே சுற்றியது. கியர் நியூட்ரலில் கிடந்தது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், தூக்கிய முன் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும்.

அதைப் பார்த்ததும் லாரிக்காரர் சொன்னது ஒரே வார்த்தை, “இறக்கு.”

சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் நட்டைத் தளர்த்த வேண்டும். தரை அதைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும். அவள் வண்டியை இறக்கி, முதல் கியரில் போட்டுவிட்டு மறுபடி முயன்றாள். இப்போது சக்கரம் சுற்றவில்லை, நட்டும் அசையவில்லை.

இங்கே பார்க்க வேண்டியவை வரிசையாக இப்படி. நட்டின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா? அதன் மேலேயே ஸ்பேனரைப் போட்டுத் திருகுபவர்கள் நிறைய. அப்புறம், ஸ்பேனர் நட்டின் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா? பாதி ஏறிய ஸ்பேனர் நழுவி நட்டின் மூலைகளை மழுக்கிவிடும், அதன் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. மற்ற நட்டுகளெல்லாம் ஒரே வடிவம், ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தால் அது திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு. அதற்கென்று சிறிய சாவித் துண்டு ஒன்று கருவிப் பையிலோ டேஷ்போர்டு பெட்டியிலோ இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் காரணம் இறுக்கம்தான். கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மேல் முடுக்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது (என் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன்). அவள் இரண்டு கையாலும் ஸ்பேனரை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். முதுகு பிடித்துக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

“கையை எடும்மா. ஸ்பேனரைக் கழட்டி, கைப்பிடி உனக்கு இடது பக்கம் படுத்திருக்கிற மாதிரி போடு. இப்ப காரைப் பிடிச்சுக்கிட்டு அதோட நுனியில காலை வை. குதிக்காதே, எடையை மெல்ல இறக்கு.”

கைப்பிடி இடது பக்கம் இருந்து கீழே இறங்கினால் நட்டு இடஞ்சுழியாகத் திரும்பும், அதுதான் கழலும் திசை. ஒரு கணக்கும் இருக்கிறது. பெரும்பாலான கார் நட்டுகளை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் முடுக்குவார்கள். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடை விழுந்தால் அந்த அளவு வந்துவிடும். ஒல்லியான ஆளின் உடம்பு எடைக்கே முறையாக முடுக்கிய நட்டு தளர்ந்துவிடும் என்று இதற்குப் பொருள். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டுக்கு இது போதாது. கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதே எடை இரண்டு மடங்கு வேலை செய்யும்.

அவளுக்கு மூன்று நட்டுகள் காலிலேயே தளர்ந்தன. நான்காவதுக்கு லாரியிலிருந்து குழாய் வந்தது. கடகடவென்று ஒரு சத்தத்தோடு அது விட்டதும், நட்டு முறிந்துவிட்டதோ என்று பயந்துபோனாளாம். துருப் பிடித்த நட்டு விடும்போது அப்படித்தான் அலறும். இந்தக் கட்டத்தில் ஒவ்வொன்றையும் அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது. முழுக்கக் கழற்றுவது வண்டியைத் தூக்கிய பிறகு.

நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டாலோ, போல்ட் முறிந்தாலோ, பூட்டு நட்டின் சாவி கிடைக்காவிட்டாலோ அதோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சாலையோரத்தில் அதற்கு மேல் செய்யும் ஒவ்வொன்றும் செலவைத்தான் கூட்டும்.

## ஜாக்கி மண்ணில் இறங்குகிறது, அல்லது வண்டி சாய்கிறது

அவள் முதலில் தூக்கியபோதே ஜாக்கி இரண்டு விரல் ஆழம் மண்ணில் புதைந்திருந்தது. லாரிக்காரர் டார்ச்சை அந்தக் குழியில் அடித்துக் காட்டிவிட்டு, லாரியிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்தார்.

பெரும்பாலும் ஈர மண்தான் காரணம். அதற்கு மருந்து ஜாக்கியின் அடிப்பாகத்தைவிட அகலமான பலகை. அடுத்தது, ஜாக்கியின் தலை சரியான இடத்தில் இல்லாதது. கதவுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரும்பு விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். போன சக்கரத்தை ஒட்டிய அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவேதான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தட்டுப்படும். மூன்றாவது, சாலைச் சரிவு. சரிவில் எந்தப் பலகையும் உதவாது, வண்டியை நகர்த்தத்தான் வேண்டும்.

தூக்குவதற்கு முன்பு, போன சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்தின் முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கி வண்டியைத் தொட்டுச் சற்றே அழுத்தியதும் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் அது செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். போன டயர் தரையை விட்டதும் நிறுத்திவிடாமல் இன்னும் 5 சென்டிமீட்டர் தூக்க வேண்டும், காற்றுள்ள டயருக்கு அந்த இடம் தேவை. பின்னால் மறுபடி தூக்க முயல்வதைவிட இப்போதே தூக்கிவிடுவது நல்லது.

ஸ்டெப்னியை மாட்டும் நேரம் வரும்வரை அதைக் காரின் அந்த விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வைக்கச் சொன்னார். ஜாக்கி வழுக்கினால் வண்டி அதன்மேல் உட்காரும், காலின்மேல் உட்காராது. கழற்றிய சக்கரத்தையும் பிறகு அதே இடத்தில் போட வேண்டும். கையோ தலையோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இரண்டு முறை சரியாக வைத்தும் ஜாக்கி சாய்ந்தாலோ, விளிம்பு துருவேறி நசுங்கினாலோ விட்டுவிடுங்கள்.

## நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் வரவில்லை

சக்கரம் மாற்றத் தெரியும் என்று சொல்பவர்கள்கூட இங்கே திகைத்து நிற்பார்கள். அவள் டயரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தாள். கார் ஜாக்கியின் மேல் குலுங்கியது. அதுவரை குரல் உயர்த்தாத மனிதர், “கையை எடு!” என்று சத்தம் போட்டாராம்.

சக்கரத்தின் நடுத்துளை, அச்சின் முனையில் இருக்கும் ஹப் என்ற வட்டத்தின்மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். வெகுநாள் கழற்றாத சக்கரத்தில், அதிலும் அலாய் வீலில், இந்த இடத்தில் துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வேறு எதுவும் கெட்டுப்போயிருக்காது.

கெட்டியான தரையாக இருந்தால், இரண்டு நட்டுகளை நாலைந்து சுற்று திரும்ப ஏற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, டயரின் பக்கச் சுவரைக் குதிகாலால் இடமும் வலமுமாக மாறி மாறித் தட்டலாம். நட்டு எதற்கென்றால், திடீரென்று விட்டுக்கொண்டால் சக்கரம் காலில் விழாமல் இருக்க. ரிம்மில் சுத்தியலால் அடிக்கக் கூடாது, அலாய் வெடித்துவிடும். ஆனால் இங்கே ஜாக்கி ஈர மண்ணில் பலகைமேல் நின்றது. ஜாக்கியில் நிற்கிற வண்டியை உதைப்பது தனக்குப் பிடிக்காது என்று சொல்லி, அவர் வேறு வழி காட்டினார். எனக்கும் அந்த வழிதான் சரி.

எல்லா நட்டுகளையும் கையால் முழுக்க ஏற்றி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று தளர்த்தி விடுங்கள். ஜாக்கியை இறக்கி வெளியே எடுத்துவிட்டு, கற்களையும் எடுங்கள். இன்ஜினைப் போட்டு ஒரு சாண் முன்னால் நகர்த்திப் பிரேக் பிடியுங்கள், ஒரு சாண் பின்னால் நகர்த்திப் பிரேக் பிடியுங்கள். வண்டியின் எடையே துருவை உடைக்கும். அவளுக்கு இரண்டாவது முறை பிரேக் பிடித்தபோது ‘டொக்’ என்று கேட்டது.

“போதும், நிறுத்து” என்றார்.

மறுபடி கல், மறுபடி ஜாக்கி. இந்த முறை சக்கரம் கையோடு வந்துவிட்டது. முன்னும் பின்னுமாக நாலைந்து முறை நகர்த்தியும் விடவில்லை என்றால் நட்டுகளை முடுக்கிவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். தளர்ந்த நட்டோடு ஒரு வண்டி நீளம்கூட ஓட்டக் கூடாது.

## ஸ்டெப்னி ஏறவில்லை, அல்லது நட்டு கோணலாகப் போகிறது

கனமான சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைப் பொருத்துவது கஷ்டம். தரையில் உட்கார்ந்து, கால் நுனியை டயருக்கு அடியில் கொடுத்துச் சற்றே உயர்த்தினால் சக்கரம் தானாக இடத்துக்கு வரும். அதற்கு முன் ஹப்பில் உதிர்ந்து நிற்கும் துருத் தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

நட்டின் சரிவான முகம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். முதல் சில சுற்றுகள் விரலால் மட்டும். விரலுக்கு வராத நட்டு கோணலாக ஏறுகிறது என்று பொருள், ஸ்பேனரால் கட்டாயப்படுத்தினால் மரை போய்விடும். ஒன்றை முடுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே இருப்பது. வரிசையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும்.

வண்டியை இறக்கி, டயர் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசி முடுக்கு. இப்போது கைப்பிடி வலது பக்கம் இருக்கட்டும், இரண்டு கையையும் ஊன்றி அழுத்துங்கள். அவள் பழக்க தோஷத்தில் காலைத் தூக்கினாள். “கழட்டத்தான் கால், முடுக்கக் கை” என்றார். ஏறி நின்று முடுக்கினால் அடுத்த முறை கழற்ற அவளேதான் கஷ்டப்பட வேண்டும்.

## மாட்டிய ஸ்டெப்னியும் சப்பையாக இருக்கிறது

வருடக்கணக்கில் யாரும் காற்று பார்க்காததுதான் காரணம், வேறு ஆராய்ச்சி வேண்டாம். லேசாகத்தான் இறங்கியிருக்கிறது என்றால் மெதுவாக ஓட்டி அருகில் காற்று அடித்துக்கொள்ளுங்கள். தரையில் படர்ந்து கிடந்தால் பம்பு வரும்வரை நகர்த்தாதீர்கள். மற்ற டயர்களைவிட மெல்லிசான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டும் அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

## கிளம்பிய பிறகு அதிர்வு, அல்லது டக் டக்

உடனே ஓரங்கட்டுங்கள். நட்டு தளர்ந்திருப்பதுதான் முதல் சந்தேகம். அடுத்தது, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட துரு. நட்டுகளை முடுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். அதன் பிறகும் இருந்தால் ரிம் நெளிந்திருக்கலாம், அது கடை வேலை. டயர் காற்று எச்சரிக்கை விளக்கு எரிவது மட்டும் தனியாகப் பயப்பட வேண்டியதல்ல. பல ஸ்டெப்னிகளில் அதற்கான உணரி இருக்காது.

எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்குள் வெளிச்சமான இடம் ஒன்றில் நிறுத்தி ஒவ்வொரு நட்டையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார் லாரிக்காரர். அவள் பார்த்தபோது ஒன்று கால் சுற்று திரும்பியது, நடுவே இருந்த மிச்சத் துரு நசுங்கி இடம் கொடுத்திருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை பார்ப்பது எங்கள் கடைகளில் நாங்களே சொல்லும் வழக்கம்.

## போன டயரை ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா

தரையில் படும் பாகத்தில் ஆணி ஓட்டை என்றால் ஒட்டலாம். பக்கச் சுவரிலோ, அது தரையில் படும் பாகத்தோடு சேரும் தோள் விளிம்பிலோ இருந்தால் ஒட்டக் கூடாது. ஆணி குத்தி நிற்கிறது, காற்று மெல்லத்தான் இறங்குகிறது என்றால் வழியில் ஆணியைப் பிடுங்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

அவள் டயரில் இருந்தது ஒரு சிறிய ஆணி, சரியாக நடுவில். வெளியே பார்த்தால் ஒட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். ரிம்மிலிருந்து பிரித்ததும் உள்ளேயிருந்து கைப்பிடி அளவு கறுப்புத் தூள் கொட்டியது, பக்கச் சுவரின் உட்புறத்தில் சுற்றிலும் ஒரு தேய்ந்த வளையம். காற்றில்லாமல் ஓடிய டயரின் அடையாளம் அதுதான். இந்தத் தூளைப் பார்த்த பிறகு ஒட்டித் தருகிற கடைக்கு மறுபடி போகாதீர்கள், அந்தச் சுவர் வேகத்தில் வெடிக்கும். இழுக்க ஆரம்பித்த உடனே நிறுத்தியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டாள். தப்பியிருக்கலாம். வளைவான இடமாக இருந்ததால் உருட்டிக்கொண்டு வந்தேன் என்றாள். அப்படியானால் கணக்கு சரிதான் என்றேன்.

புது டயரை மாட்டி, ஸ்டெப்னிக்குக் காற்று அடித்து டிக்கியில் வைத்தேன். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு கேட்டாள். ஒரு சாண் சதுரம், ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனம் இருந்தால் போதும். அதைவிடச் சிறியது ஈர மண்ணில் ஜாக்கியோடு சேர்ந்து தானும் இறங்கிவிடும்.